ஏற்காட்டு ஈரத்தில் லென்ஸ்: ஒன்றில் மூட்டம், ஒன்றில் நூல். மூடி இறுகும் டப்பா ஏன் காப்பாற்றவில்லை?

காப்பிக்காடு:
வணக்கம். வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். இரண்டு லென்ஸ் பற்றிய கேள்வி. ஒன்று கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 50 மி.மீ. எஃப் 1.8, முழுக்க உலோகம். இன்னொன்று 70-300 ஆட்டோஃபோகஸ் ஜூம். ஆகஸ்ட் முதல் இரண்டும் கேமரா பையோடு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தன. மூடியில் ரப்பர் வளையம் உண்டு, நான்கு பக்கமும் கிளிப். செருப்புப் பெட்டியிலும் மருந்துப் பாட்டிலிலும் வரும் சிலிக்கா பொட்டலங்கள் ஆறேழு உள்ளே போட்டிருந்தேன்.

இப்போது 50 மி.மீ.யில் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்க வெளுத்துப் போகிறது. ஜூமில் முன் கண்ணாடிக்குப் பின்னால், ஓரத்தில், வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது. இரண்டும் ஒரே நோயா? காற்றே புகாத டப்பாவில் எப்படி வந்தது? சேலத்தில் கொடுத்தால் எவ்வளவு தூரம் சரியாகும்?

மேட்டூர்க்காரன்:
ரெண்டும் ஃபங்கஸ்தான், சந்தேகமே வேண்டாம். அரிசி டப்பாவுல ரெண்டு நாள் புதைச்சு வைங்க, ஈரம் போயிடும். அப்புறம் மூடியக் கழட்டிட்டு மத்தியான வெயில்ல ரெண்டு மணி நேரம் காட்டுங்க. வெயில்ல இருக்கற யூவி ஃபங்கஸைக் கொன்னுடும். டப்பாவுக்குள்ள நாலு பாச்சா உருண்டை போட்டு வச்சா திரும்ப வராது. காசே செலவில்லை.

அஸ்தம்பட்டி பட்டறை:
மேட்டூர் அண்ணா சொன்னதில் யூவி மட்டும் பாதி சரி. யூவி பூஞ்சையைக் கொல்லும்தான். ஆனால் அதிகம் கொல்லும் அலைநீளத்தைக் கண்ணாடியே தடுத்துவிடும், உள்ளே இருக்கும் மூன்றாவது, நான்காவது எலிமென்ட்டுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். செத்தாலும் நூல் அங்கேயேதான் இருக்கும், அது போட்ட அரிப்பும் இருக்கும். அதோடு வெயிலில் லென்ஸ் சூடானால் ஃபோகஸ் திருகில் உள்ள கிரீஸ் இளகி எண்ணெய் கசியும். 50 மி.மீ.யில் இப்போது இருக்கும் தொல்லையே அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், அதை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டாம். சூரியனுக்கு நேரே திரும்பிவிட்டால் அப்பர்ச்சர் இலையைச் சுட்டுவிடும், பக்கத்தில் துணி இருந்தால் தீயே பிடிக்கும்.

அரிசி வேண்டவே வேண்டாம். சாதாரண அரிசி ஏற்கெனவே காற்றின் ஈரத்தோடு சமநிலையில் இருப்பது, பெரிதாக எதையும் உறிஞ்சாது. அதன் மாவுத்தூள் ஜூம் குழாய்க்குள் போனால் பூஞ்சைக்குச் சாப்பாடு. பாச்சா உருண்டை ஆவியாகி, குளிரும்போது கண்ணாடி மேல் படியும். சூடமும் அதேதான்.

காப்பிக்காடு, ஒரே நோயா என்று கேட்டீர்கள். பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பார்க்கலாம். இருட்டறை, குறுகலாக அடிக்கும் ஒரு எல்இடி டார்ச். பழைய லென்ஸில் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வையுங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். டார்ச் நேராகக் கண்ணில் விழுந்தால் நல்ல லென்ஸும் குப்பையாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது மூன்று. கிளை விட்டு, ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் பூஞ்சை. கிளையே இல்லாமல் ஒரே சீராகப் பால் படிந்த மாதிரி இருந்தால் ஹேஸ், பெரும்பாலும் எண்ணெய் ஆவி. ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ இருந்தால் ஒட்டிய எலிமென்ட்டுகளின் பசை விலகுகிறது. அப்புறம் 50 மி.மீ.யில் அப்பர்ச்சரை எஃப் 16க்கு மூடிப் பாருங்கள். மூட்டம் இலைகளுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

ஐந்துரோடு ஸ்டூடியோ:
எனக்கும் இதே பிரச்சினைங்க. ஏற்காட்டுல ரிசார்ட் கல்யாணம் முடிச்சிட்டு சாயங்காலம் கீழ இறங்கி மண்டபத்துல ரிசப்ஷன் எடுக்கக் கேமராவ வெளிய எடுத்தா முன் கண்ணாடி முழுக்கப் பனி. துடைச்சா திரும்ப வருது. இது ஃபங்கஸ் ஆரம்பமா? லென்ஸ் வித்துடலாமான்னு யோசிக்கிறேன்.

குரும்பப்பட்டி:
ஸ்டூடியோ சார், அது வேறு. அது வெறும் பனி, விற்க வேண்டாம்.

கணக்குப் பார்ப்போம். மேலே இருக்கும்போது லென்ஸின் உடம்பு 17 டிகிரி. சேலத்தில் சாயங்காலம் 30 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 23 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணீர் விடும். லென்ஸ் அதைவிட 6 டிகிரி குளிராக இருக்கிறது, அதனால் துடைக்கத் துடைக்க வரும். ஏசி காரில் 22 டிகிரியில் வைத்துக் கொண்டுவந்தாலும் கொஞ்சம் வரும்.

செய்ய வேண்டியது: மலையிலேயே, கிளம்பும் முன்பே, கேமராவையும் லென்ஸையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி மூடிவிடுங்கள். மண்டபத்தில் போய் உடனே திறக்காதீர்கள். சின்ன லென்ஸுக்கு ஒரு மணி நேரம், 70-200 மாதிரி கனமானதற்கு இரண்டு மணி நேரம். கவரின் வெளிப்பக்கம்தான் நனையும். ரிசப்ஷனுக்கு அவ்வளவு நேரம் இல்லையென்றால் ஒரு பாடியும் ஒரு லென்ஸும் சேலத்திலேயே விட்டுப் போவதுதான் வழி.

பனி விழுந்ததை வைத்து உடனே ஃபங்கஸ் வராது. நனைந்ததை அப்படியே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, அடுத்த முகூர்த்தம் வரை திறக்காமல் விட்டால் வரும்.

ஐந்துரோடு ஸ்டூடியோ:
அப்ப கீழ இருந்து மேல போறப்ப கவர் தேவையில்லைங்களா? லென்ஸ் சூடா இருக்கும், காத்து குளிரா இருக்கும்.

குரும்பப்பட்டி:
வெளியே பனி படியாது. உள்ளே கொஞ்சம் படியலாம். லென்ஸுக்குள் அடைபட்ட காற்று சேலத்துக் காற்று. மேலே போய் அது 16 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள் கண்ணாடியில் மெல்லிசாக மூட்டம் வரும். தண்ணீரின் அளவு சில மில்லிகிராம்தான், அரை மணி நேரத்தில் தானாகப் போய்விடும். போகவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி பட்டறை:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீள நீளமாக வெளியே வரும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். மழைத் தூறலில், மூடுபனிக்குள் நின்று ஜூமை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஈரத்தையெல்லாம் நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். எடுத்து முடித்ததும் உலர்ந்த அறையில் ஜூமை முழுக்க நீட்டி வைத்துவிட்டுப் போகலாம், சுருக்கி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

காப்பிக்காடு:
டார்ச் வைத்துப் பார்த்தேன். 50 மி.மீ.: கிளை எதுவும் இல்லை. ஒரே சீராக, லேசாக நீலம் கலந்த பால் நிறம். அப்பர்ச்சரை மூடினால் முன்னாலிருந்து பார்க்கும்போது மறைந்துவிடுகிறது, பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிறது. அதனால் இலைகளுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில்தான். இலைகளின் மேல் எண்ணெய் மினுமினுப்பும் இருக்கிறது.

ஜூம்: நிச்சயம் கிளைகள். கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்திலிருந்து உள்நோக்கி மூன்று நூல், சுமார் அரை சென்டிமீட்டர். முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை.

அஸ்தம்பட்டி பட்டறை:
அப்போது இரண்டும் இரண்டு நோய். 50 மி.மீ.யில் இருப்பது கிரீஸிலிருந்து பிரிந்த எண்ணெய். அது இலைகளுக்கு வந்து, அங்கிருந்து ஆவியாகி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் நுண்ணிய துளிகளாகப் படிந்திருக்கிறது. இந்த வகைப் பழைய 50 மி.மீ.களில் அப்பர்ச்சருக்கு இரு பக்கமும் குழிவான கண்ணாடிப் பரப்பு, இலைகளுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் அங்கேதான் முதலில் படியும். இதற்கு ஈரப்பதம் காரணமல்ல, சூடும் வயதும்தான் காரணம். ஆனால் எண்ணெய்ப் படலத்தில் ஈரமும் தூசியும் ஒட்டி நாள்பட்டுப் போனால் கோட்டிங்கை அரித்துவிடும். சீக்கிரம் துடைத்தால் முழுக்கப் போக வாய்ப்பு அதிகம்.

ஜூமில் இருப்பது பூஞ்சை. அது எந்தப் பரப்பில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பழுது பார்ப்பது அப்புறம் பேசலாம், முதலில் டப்பாவைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் சுத்தம் செய்து கொடுத்ததும் அதே டப்பாவுக்குள்தான் போகும்.

குரும்பப்பட்டி:
டப்பாவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காற்று புகாது என்பது உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது என்பதும்தான். மதியம் 24 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் டப்பாவை மூடினீர்கள். ஏற்காட்டில் மழைக்கால மதியத்துக்கு அது நல்ல நாள். அந்தக் காற்று 18 டிகிரிக்கு இறங்கினால் 100 சதவீதத்தைத் தொடும். ராத்திரி வீட்டுக்குள் 16. பையில் உள்ள துணியும் நுரையும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்வதால் தண்ணீராகச் சொட்டாது, ஆனால் ராத்திரி முழுக்க உள்ளே 80, 90 இருக்கும். பூஞ்சைக்கு 65ஐத் தாண்டிப் பல நாள் தொடர்ந்தால் போதும்.

இன்னொன்று. 20 லிட்டர் காற்றில் இருக்கும் மொத்த ஈரமே அரை கிராம் கூட வராது. அதை உறிஞ்ச உங்கள் பொட்டலங்களே போதும். பிரச்சினை காற்று இல்லை, பை. நுரைத் தடுப்பு, துணிப் பட்டை, தோல் உறை எல்லாம் சேர்ந்து பல கிராம் தண்ணீரை வைத்திருக்கும். நம்பாவிட்டால் சமையலறை தராசில் பையை நிறுத்து, மார்ச் வெயிலில் ஒரு நாள் காயவைத்துத் திரும்ப நிறுத்துப் பாருங்கள். உங்கள் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் 2 கிராம் என்றால் ஏழும் சேர்ந்து 14 கிராம். செருப்புப் பெட்டியிலிருந்து வந்த அன்றே பாதி நிறைந்திருக்கும்.

அதனால் பை வெளியே. லென்ஸும் பாடியும் மட்டும் உள்ளே. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணி 200 கிராம் வாங்கித் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். 40, 45 சதவீதத்தில் சிலிக்கா தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் பிடிக்கும், அதாவது 40 கிராம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை திறந்தாலும் நீண்ட நாள் தாங்கும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு மணி நல்லது. ஆரஞ்சு, ஈரமானால் பச்சையாகும்.

பச்சையான மணியை அடுப்பில் வறுத்துக் காயவைக்கும்போது 110, 120 டிகிரி, இரண்டு மூன்று மணி நேரம். ஓவன் இல்லையென்றால் தடித்த கடாயில் மிகச் சிறிய தீயில், கிளறிக்கொண்டே. புகை வந்தாலோ மணி பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறினாலோ தீ அதிகம், மணி கருகிவிடும். சூட்டோடு டப்பாவில் போடாதீர்கள். மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டு அப்புறம் போடுங்கள், திறந்து ஆறவைத்தால் காற்றின் ஈரத்தைத்தான் குடிக்கும். சமையலுக்குப் பயன்படும் கடாயை இதற்கு எடுக்காதீர்கள்.

மேட்டூர்க்காரன்:
எல்லாம் சரிங்க. ஆனா எங்க மாமா வீட்டு அலமாரில பழைய 40 வாட் குண்டு பல்பு எரியும், அங்க இருந்த கேமராவுக்கு ஃபங்கஸ் வரவே இல்லை. அதையும் தப்புன்னு சொல்லிடாதீங்க.

குரும்பப்பட்டி:
தப்பு என்று சொல்ல மாட்டேன், அது வேலை செய்யும். ஈரத்தை எடுக்காது, சூட்டைக் கூட்டி ஈரப்பதத்தைக் குறைக்கும். 20 டிகிரியில் 90 சதவீதமாக இருக்கும் காற்றை 28க்குச் சூடாக்கினால் 56க்கு இறங்கிவிடும். எல்இடி பல்பு போட்டால் இது நடக்காது, அந்த அளவுக்குச் சூடு வராது.

அஸ்தம்பட்டி பட்டறை:
நான் சேர்க்க வேண்டியது: மின்தடை வந்த அடுத்த மணி நேரத்தில் அலமாரி பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்காட்டில் காற்றோடு மழை பெய்தால் மின்சாரம் எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியும். பல்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்த லென்ஸின் கிரீஸ் இளகும். எண்ணெய் ஹேஸோடு வந்த பழைய லென்ஸ்களில் சூடான இடத்தில் வைத்திருந்தவை நிறைய. மரமும் துணியும் இருக்கும் மூடிய அலமாரிக்குள் 40 வாட் பல்பு எனக்குப் பிடிக்காது. 15 வாட், கீழ்த்தட்டில், மேலே ஓட்டை. அவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன்.

காப்பிக்காடு:
எலக்ட்ரானிக் டிரை கேபினட் வாங்கலாமா? 30 லிட்டர் ஒன்று பார்த்தேன். பெல்டியர் என்று போட்டிருந்தது.

குரும்பப்பட்டி:
ஏற்காட்டுக்குப் பெல்டியர் வேண்டாம் என்பது என் கருத்து. அதன் வேலை, ஒரு தட்டைக் குளிரவைத்து ஈரத்தை அதில் தண்ணீராக்குவது. சேலத்தில் அறை 28 டிகிரி, உள்ளே 45 சதவீதம் வேண்டுமென்றால் தட்டு 15 டிகிரிக்குக் கீழே போனால் போதும். ஏற்காட்டில் ராத்திரி அறை 16 டிகிரி, அதே 45 சதவீதம் வேண்டுமென்றால் தட்டு 4 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். சின்ன பெல்டியர் அங்கே திணறும். பனிக்கட்டி பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

உள்ளே உறிஞ்சும் மணி இருந்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஹீட்டர் போட்டு ஈரத்தை வெளிப்பக்கம் விடும் வகை குளிரிலும் வேலை செய்யும். மின்சாரம் போனாலும் மணி ஏற்கெனவே பிடித்ததைப் பிடித்தபடிதான் இருக்கும். விலை கூட. வாங்கும்போது விற்பவரிடம் எந்த வகை என்று கேளுங்கள், அட்டையில் பல நேரம் எழுதியிருக்காது. பின்பக்கம் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி, அதில் கதவு மாதிரி ஒரு துவாரம் இருந்தால் அது உறிஞ்சும் வகை.

எதுவாக இருந்தாலும் அதன் திரையை நம்பாதீர்கள். உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், கரையக் கூடாது. அதையும் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரையும் சின்ன டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைவாகச் சொல்கிறது என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். மலிவான மீட்டர்களில் 5 வரை விலகல் சகஜம்.

நாகலூர்வாசி:
எவ்வளவில் நிறுத்தணும்? 30க்கு வைக்கச் சொல்றாங்க சிலர்.

அஸ்தம்பட்டி பட்டறை:
40 முதல் 50. நான் 45 சொல்வேன். 30க்குக் கீழே நீண்ட நாள் வைத்தால் ரப்பர் பிடி, தோல் ஒட்டு காயும், கிரீஸ் கெட்டியாகும் என்பார்கள். கிரீஸ் விஷயத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, ரப்பர், தோல் விஷயத்தில் இருக்கிறது.

குரும்பப்பட்டி:
ரப்பர் வெடிப்பதற்கு வறட்சியைவிட வயதும் ஓசோனும்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் 45 போதும்போது 30க்குப் போவது வீண் வேலை, அதில் சண்டையில்லை.

காப்பிக்காடு:
நல்ல லென்ஸை ஃபங்கஸ் பிடித்த ஜூமோடு ஒரே டப்பாவில் வைக்கலாமா?

மேட்டூர்க்காரன்:
கூடவே கூடாது. பரவும்.

குரும்பப்பட்டி:
வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, உங்கள் சட்டையிலும் இருக்கின்றன. 45 சதவீதத்தில் ஜூம் பக்கத்திலேயே இருந்தாலும் வளராது. 80 சதவீதத்தில் தனியாக இருந்தாலும் வளரும்.

அஸ்தம்பட்டி பட்டறை:
வாதம் சரி. இருந்தாலும் பட்டறையில் தனியாகத்தான் வைப்பேன். வளர்ந்த பூஞ்சை உள்ள லென்ஸின் மூடியும் உறையும் வித்து நிறைய ஏந்தியிருக்கும், அந்த மூடியை நல்ல லென்ஸுக்கு மாட்டுவதில் லாபம் எதுவும் இல்லை. பழைய மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

இனி பழுது.

50 மி.மீ.யை முதலில் எடுத்துக்கொள்வோம். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். தேவையானவை: துளைக்குப் பொருந்தும் ஸ்பேனர், பெயர் வளையத்தைத் திருப்ப ஒரு ரப்பர் வளையம், லைட்டருக்கு ஊற்றும் நாப்தா, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், லென்ஸ் டிஷ்யூ, காற்றடிக்கும் ரப்பர் உருண்டை, கையுறை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் வேண்டாம், அதிலுள்ள தண்ணீர் கறை விடும். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும்.

பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள், கண்ணாடி எந்தப் பக்கம் குழிவு, எந்தப் பக்கம் குவிவு என்று தெரியும்படி. பின் எலிமென்ட் கூட்டு பெரும்பாலும் மொத்தமாகத் திருகிக் கழலும், அப்போது இலைகள் தெரியும். இலைகளைத் தொடாதீர்கள். ஃபோகஸ் திருகைப் பிரிக்காதீர்கள். அதில் பல இடத்தில் இழை பிடிக்கும், தவறான இடத்தில் பூட்டினால் இன்ஃபினிட்டி வராது, தூரத்தில் உள்ளது தெளியாது.

மூட்டம் படிந்த பரப்பை முதலில் ஊதுங்கள். டிஷ்யூவை மடித்து நாப்தாவில் ஈரப்படுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றாக ஒரே தடவை, அழுத்தாமல். அந்த டிஷ்யூவைத் தூக்கிப் போடுங்கள். எண்ணெயை நாப்தா எடுக்கும். அடுத்தது புது டிஷ்யூ, ஆல்கஹால், அது மீதியையும் நாப்தாவின் தடத்தையும் எடுக்கும். கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு மையில் ஆல்கஹால் தங்க விடாதீர்கள், மை கரைந்து கண்ணாடி மேல் இழுபடும். அசிட்டோன் கிட்டவே வரக் கூடாது.

துடைத்து டார்ச்சில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் முடிந்தது. அதே இடத்தில் அதே உருவத்தில் மூட்டம் இருந்தால், திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். அது படிவு இல்லை, கோட்டிங்கே கெட்டிருக்கிறது. தேய்ப்பது கோட்டிங்கைத்தான் கீறும். பழைய ஒற்றைப் படலக் கோட்டிங் மென்மையானது.

இலைகளில் எண்ணெய் இருப்பதால் இலைகளைச் சுத்தம் செய்யாவிட்டால் மூட்டம் மறுபடி வரும். கழற்றாமல் செய்வதென்றால், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் எடுத்துவிட்டு, நாப்தாவில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தொட்டு, இலைகளைத் திறந்து மூடி, திரும்பத் தொட்டு. குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை. இலைகளை வளைத்துவிட்டால் அது தனிக்கதை.

காப்பிக்காடு:
ஜூமுக்கு இதே முறைதானே?

அஸ்தம்பட்டி பட்டறை:
இல்லை, ஜூமை நீங்கள் திறக்க வேண்டாம். முன் கூட்டின் கீழே தகடு தகடாக வைத்து நேராக்கியிருப்பார்கள், சிலவற்றில் மூன்று திருகால் மையப்படுத்தியிருப்பார்கள். ஒரு தகடு இடம் மாறினால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அதைத் திருத்த அளக்கும் கருவி வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம் நீங்களே பார்த்துவிடுங்கள், பழுது பார்ப்பவரிடம் பேச உதவும். ஒரு சிறிய விளக்கை முன்பக்கமிருந்து அடித்து, கண்ணாடிகளில் அதன் பிரதிபலிப்புகளை எண்ணுங்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் பளிச்சென்று ஒரு பிம்பம் தரும். பசையால் ஒட்டிய பரப்பு மிக மங்கலான பிம்பம் தரும். தலையை ஆட்டும்போது நூல் எந்தப் பிம்பத்தோடு சேர்ந்து நகர்கிறது என்று பாருங்கள். இது தோராயமான குறிப்புதான். பளிச்சென்ற பிம்பத்தோடு என்றால் பெரும்பாலும் துடைக்க முடியும். மங்கல் பிம்பத்தோடு என்றால் பூஞ்சை பசைக்குள் போயிருக்கலாம், அப்படியென்றால் கூட்டைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். 70-300 ஜூமுக்கு அந்தச் செலவு பொருந்தாது.

துடைக்க முடிந்தாலும் பூஞ்சையைப் பொறுத்த எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நூலை எடுத்துவிடலாம், எளிது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சம அளவு சில சொட்டு, இரண்டு நிமிடம், பின் வடிநீர், பின் ஆல்கஹால். ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கையும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரித்திருக்கும். நூல் போன இடத்தில் நூல் வடிவத் தடம் நிற்கும். அதை யாரும் துடைக்க முடியாது. புதிய கோட்டிங் போடுவது சேலத்தில் நடக்கும் வேலை இல்லை, அந்த எலிமென்ட்டை மாற்றலாம், கிடைத்தால்.

உங்கள் அளவுக்கு, ஓரத்தில் அரை சென்டிமீட்டர், தடம் மிஞ்சினாலும் சாதாரணப் படத்தில் தெரியாது. சூரியன் ஃபிரேமுக்குள் இருக்கும்போது மாறுபாடு கொஞ்சம் குறையும். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்ச அளவில், சன்னலுக்கு எதிரே ஒரு கறுப்புத் துணியை வைத்து எடுங்கள். கறுப்பு எவ்வளவு சாம்பலாகிறது என்று ஒப்பிடுங்கள். திரும்பி வந்ததும் 300ல், முழு அப்பர்ச்சரில், செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

காப்பிக்காடு:
பிம்பம் பார்த்தேன். நூல் இரண்டாவது பளிச் பிம்பத்தோடு நகர்கிறது. முதல் கண்ணாடியின் உள்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். 50 மி.மீ.யை நாப்தா, ஆல்கஹாலில் துடைத்தேன். முக்கால்வாசி தெளிந்துவிட்டது. நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு வட்டம் அப்படியே இருக்கிறது, இரண்டு தடவை துடைத்தும் உருவம் மாறவில்லை. பெராக்சைடு போட்டுப் பார்க்கலாமா?

அஸ்தம்பட்டி பட்டறை:
ஒரே ஒரு தடவை போடலாம், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர், ப்ளீச் எதையும் அந்தக் குப்பி பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு. அதற்கும் மாறவில்லை என்றால் கோட்டிங் போய்விட்டது, லென்ஸை மூடிப் பூட்டுங்கள். சாய்வாக வரும் வெளிச்சத்தைத் தடுக்க ஆழமான ஹூட் ஒன்று மாட்டினால் பாதித் தொல்லை குறையும். ஜூம் உள்பரப்பு என்பதால் எடுத்துக்கொண்டு வரலாம், பசை தொடாத வேலை.

மேட்டூர்க்காரன்:
பாச்சா உருண்டை என் டப்பாவுல இன்னும் கிடக்குதே, என்ன பண்றது? மூடியெல்லாம் அந்த வாசம் வருது.

குரும்பப்பட்டி:
டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மூடியைத் தனியாக எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். ரப்பர் வளையம் வாசத்தை விடாது. வளையம் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் வேறு டப்பா வாங்குவதே மேல்.